சரக்கு கிளம்பிய பின் மாறும் ஆர்டர்: ஒரு பைப் மொத்த வியாபாரக் கிடங்கில் கற்றவை

முழுச் சரக்கும் இருந்து, முழுச் சரக்கும் ஒரே லாரியில் போய், முழுத் தொகைக்கும் ஒரே பில் போடும் ஆர்டரில் யாருக்கும் சிக்கல் வருவதில்லை. பாதிச் சரக்கு போய்விட்டது, மீதி பெண்டிங்கில் இருக்கிறது, அந்த நேரத்தில் கடைக்காரர் போன் செய்து அளவை மாற்றுகிறார் என்னும்போதுதான் ஆர்டர் எழுதுபவரின் வேலை உண்மையில் தொடங்குகிறது. திருநெல்வேலி தச்சநல்லூர்ப் பக்கம் பிவிசி பைப் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கிடங்கில் ஆர்டர் மேசையைப் பார்த்துவருகிறேன். அங்கே கையாண்ட ஓர் ஆர்டரை முதலிலிருந்து முடிவு வரை பிரித்துக் காட்டினால், இதே வேலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

ஆர்டர் களக்காட்டிலுள்ள ஒரு கடையிலிருந்து வந்தது. சுற்றுவட்டாரத்து வாழைத் தோட்டங்கள் சிலவற்றுக்குத் தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலையை அந்தக் கடைக்காரர் எடுத்திருந்தார். மெயின் லைனுக்கு 90 எம்எம் 6 கிலோ பைப் 400 லென்த், கிளை லைனுக்கு 63 எம்எம் பைப் 250 லென்த், இரண்டையும் இணைக்க 90-க்கு 63 ரெடியூசர் டீ 60, ஒட்டுவதற்கு அரை லிட்டர் சொல்யூஷன் டப்பா 40 என்பது ஆர்டர். லென்த் என்பது 6 மீட்டர் நீளமுள்ள ஒரு பைப்.

கிடங்கில் எண்ணிப் பார்த்தால் 90 எம்எம் பைப் 340 லென்த் இருந்தது. ஆனால் அதில் 100 லென்த் ஏற்கனவே வள்ளியூர்க் கடை ஒன்றுக்கு ஒப்புக்கொண்டது; அவர்களுடைய லாரி அந்த வாரக் கடைசியில் வருவதாக இருந்தது. ஆகவே களக்காட்டுக்குக் கொடுக்கக்கூடியது 240 மட்டுமே. கண்ணுக்குத் தெரியும் சரக்குக்கும் கொடுக்க முடிந்த சரக்குக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை ஆர்டர் எடுக்கும் நிமிடத்திலேயே பார்த்துவிட வேண்டும். 340 இருக்கிறது என்று போனில் சொல்லிவிட்டு, பிறகு 240 அனுப்பினால், மீதி 100 எங்கே என்ற கேள்விக்கு நம்மிடம் நேர்மையான பதில் இருக்காது. 63 எம்எம் பைப்பும் சொல்யூஷனும் முழுவதும் இருந்தன. டீ 25 மட்டும் இருந்தது. மீதி 35-ஐக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைக்க வேண்டும்.

இருப்பதையெல்லாம் அனுப்பிவிடுவது பகுதி டெலிவரி ஆகாது. அனுப்பும் பகுதியைக் கொண்டு வாங்குபவர் வேலையைத் தொடங்க முடிகிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். பைப் முழுவதும் போய், டீ ஒன்றுகூடப் போகாவிட்டால், வெட்டிய வாய்க்கால் ஓரத்தில் பைப் வெயிலில் கிடக்கும். ஆளுக்குக் கூலி வீண். அந்தக் கடைக்காரரிடம் கேட்டபோது, மெயின் லைனில் ஏறத்தாழ ஆறேழு லென்த்துக்கு ஒரு டீ வரும் என்றார். அப்படியானால் 25 டீயைக் கொண்டு 160 லென்த்துக்குச் சற்று மேல் பதிக்கலாம். முதல் தோட்டம் அதற்குள் முடிந்துவிடும் என்பதால் 240 லென்த் பைப்பையும் 25 டீயையும் சேர்த்து அனுப்புவது என்று முடிவாயிற்று. ஒருவேளை டீ ஐந்தே இருந்திருந்தால், வண்டி வாடகையை இரண்டு முறை கொடுக்கவைக்காமல், டீ வரும் வரை பொறுத்துக்கொள்ளும்படி நானே சொல்லியிருப்பேன். பாதிச் சரக்கை ஏற்பாரா, முழுவதும் சேர்ந்தால்தான் வேண்டுமா என்பதை ஒவ்வொரு ஆர்டரிலும் கேட்டு, ஆர்டர் தாளிலேயே எழுதிக்கொள்வது எங்கள் வழக்கம்.

அந்தத் தாளைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி. அந்த வரியில் கேட்டது, அனுப்பியது, ரத்தானது, பாக்கி என்று நான்கு கட்டங்கள். கேட்டது என்ற கட்டத்தில் முதல் நாள் எழுதிய எண்ணை அதன் பிறகு யாரும் தொடக் கூடாது. அனுப்பியது என்ற கட்டம் டெலிவரி சலானைப் பார்த்து மட்டுமே ஏறும். ரத்தானது என்ற கட்டத்தில் எண் எழுதினால், பக்கத்தில் யார் சொன்னார், எந்தத் தேதி என்று எழுத வேண்டும். பாக்கி என்பதைக் கையால் எழுதக் கூடாது. முதல் எண்ணிலிருந்து அடுத்த இரண்டையும் கழித்தால் வருவதே பாக்கி. மென்பொருளில் ஆர்டர் போட்டாலும் இதே ஒழுங்குதான். டேலியில் Sales Order, Delivery Note, Sales என்று மூன்று வவுச்சர்களும் ஒரே ஆர்டர் எண்ணைப் பிடித்துக்கொண்டு நடந்தால், Sales Orders Outstanding அறிக்கை சரியான பாக்கியைக் காட்டும். சலான் போடும்போது ஆர்டர் எண்ணைத் தேர்ந்தெடுக்காமல் விட்டுவிட்டால், ஆர்டர் திறந்தே கிடக்கும். பில் போடும்போது சலானின் Tracking No.-ஐத் தேர்ந்தெடுக்காமல் Not Applicable என்று விட்டுவிட்டால், சரக்கு இரண்டு முறை கழியும். Sales Bills Pending அறிக்கையில், சரக்குப் போயும் பில் போடாதவை என்ற தலைப்பின் கீழ், பில் போட்டு முடித்த சலான் ஒன்று நின்றால் இந்த இரண்டாவது தவறுதான் நடந்திருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

லாரி ஏற்றும் இடத்திலும் ஒரு நுட்பம் உண்டு. இடம் மிச்சப்படுவதற்காக லோடு ஏற்றுபவர்கள் 63 எம்எம் பைப்பை 90 எம்எம் பைப்புக்குள் செருகி ஏற்றுவார்கள். கிளம்பும்போது எண்ணுவது எளிது. இறங்கும் இடத்தில் வெளியே தெரிவதை மட்டும் எண்ணிவிட்டு 63 குறைகிறது என்று போன் வரும். அதை நம்பி ஒருவர் குறைவு என்று பதிந்து, பாக்கியை ஏற்றிவிட்டால், இல்லாத பாக்கி ஒன்று பிறந்துவிடும். அதனால் எங்கள் சலானில், 63 எம்எம் மொத்தம் 250, அதில் உள்ளே செருகியது 230, தனிக்கட்டு 20 என்று பிரித்தே எழுதுகிறோம். இறக்குபவர் அதைப் பார்த்து உருவி எண்ணிவிட்டுக் கையெழுத்திடுவார்.

ஏற்றி முடித்த பிறகு எண்ணியதற்குத்தான் பில் போட வேண்டும், ஏற்ற நினைத்ததற்கு அல்ல. தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்கு மதிப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். இந்த லோடு அதைத் தாண்டியது. இ-வே பில் ஒருமுறை எடுத்த பின் வண்டி எண்ணை மாற்றலாம். பொருளையும் அளவையும் மாற்ற முடியாது. பன்னிரண்டு லென்த் இடமில்லாமல் கீழே நின்றுவிட்டால், பழையதை ரத்து செய்து புதிதாக எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த ரத்துக்கும் 24 மணி நேரமே கெடு. வழியில் அதிகாரி சரிபார்த்துவிட்டால் அதுவும் முடியாது. இ-இன்வாய்ஸ் போடும் நிறுவனமாக இருந்தால், இ-வே பில்லை முதலில் ரத்து செய்தால்தான் அதையும் ரத்து செய்ய முடியும். ரத்தான பில் எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது. இவ்வளவு அலைச்சலுக்குப் பதில், வண்டியின் கதவு மூடும் வரை பில் போடாமல் காத்திருப்பது எவ்வளவோ மேல். முதல் லோடிலேயே 400 லென்த்துக்கும் சேர்த்துப் பில் போட்டு மாத விற்பனையை உயர்த்திக் காட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. மீதி மாறக்கூடும், ரத்தாகக்கூடும் என்றிருக்கும்போது போகாத சரக்குக்கு வரி கட்டுவதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

லாரி நாங்குநேரி வழியாகக் களக்காடு போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலையில் போன் வந்தது.

“அண்ணாச்சி, அந்தத் தொண்ணூறு எம்எம்ல நூறு போதும். மிச்சத்துக்கு எழுபத்தஞ்சு அனுப்பிருங்க.”

இந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று கணக்குகள் இருக்க முடியும். மொத்தமே 100 போதும் என்றால், வந்ததில் 140-ஐத் திருப்பி அனுப்பப் போகிறார் என்று பொருள். 100-ஐக் குறைத்தால் போதும் என்றால், இனி 60 அனுப்ப வேண்டும். இனிமேல் 100 அனுப்பினால் போதும் என்றால், பாக்கி 160-இல் 60 ரத்து. கடைக்காரருக்கு எது என்பது தெளிவாகத் தெரியும். அவர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார். போனை எடுப்பவர் ஆர்டர் தாளைப் பார்த்துக்கொண்டு கேட்கிறார். ஆகவே இம்மாதிரிப் போன் வந்தால் நான் எண்ணை அப்படியே திருப்பிச் சொல்வதில்லை. நான்கு கட்டங்களையும் வரிசையாக வாசிக்கிறேன்.

“அண்ணாச்சி, நீங்க கேட்டது நானூறு. வந்து இறங்கினது இருநூத்தி நாப்பது. இனி வரவேண்டியது நூத்தி அறுபது. அதுல நூறு மட்டும் அனுப்பட்டா, அறுபதை அடிச்சிரட்டா?”

“ஆமா, அதேதான். அந்த அறுபதுக்குப் பதிலா எழுபத்தஞ்சு எம்எம் அறுபது.”

இதையே எழுத்தில் அனுப்பி, அவருடைய கடையிலிருந்து சரி என்று ஒரு பதில் வாங்கிக்கொள்வது அடுத்த வேலை. கடைசித் தோட்டத்தில் மேடு குறைவு, தூரமும் குறைவு என்பதால் அங்கே 75 போதும் என்று பிளம்பர் சொன்னாராம். காரணத்தையும் கேட்டுக்கொண்டது பின்னால் பயன்பட்டது. அதைக் கீழே சொல்கிறேன்.

பலர் இந்த இடத்தில் ஆர்டரைத் திறந்து 400 என்பதை அழித்து 100 என்று எழுதிவிடுகிறார்கள். சொன்னது நூறு, எழுதியதும் நூறு என்பதால் பார்வைக்குச் சரியாகவே தோன்றும். ஆனால் அனுப்பியது 240 என்று இருப்பதால், பாக்கி கழித்தல் 140 என்றாகிவிடும். சில மென்பொருள்கள் இப்படித் திருத்த விடுவதில்லை. சில, பாக்கியைப் பூஜ்யம் என்று காட்டி ஆர்டரை மூடிவிடும். சில, கழித்தல் குறியோடு அப்படியே வைத்துக்கொள்ளும். கடைசி வகைதான் அதிகம் கெடுதல் செய்வது. ஏனென்றால் சரக்கு வாங்குபவர் ஒவ்வொரு கடையின் பாக்கியையும் பார்ப்பதில்லை. 90 எம்எம் பைப்புக்கு மொத்தப் பாக்கி எவ்வளவு என்று ஒரே வரியில் பார்க்கிறார். வள்ளியூருக்கு 100, களக்காட்டுக்குக் கழித்தல் 140. கூட்டினால் கழித்தல் 40. கிடங்கில் மீதி 100 இருக்கிறது. ஆக, யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லாத சரக்கு தாராளமாக இருப்பதாக அறிக்கை சொல்லும். அதை நம்பிக் கவுண்டரில் வந்தவருக்கு விற்றுவிடுவார்கள். வாரக் கடைசியில் வள்ளியூர் லாரி வந்து நிற்கும்போது அவர்களுடைய 100 இருக்காது. களக்காட்டுக்கு வரவேண்டிய 100-ஐ யாரும் வாங்கியிருக்கவும் மாட்டார்கள். தவறு களக்காட்டு ஆர்டரில். அடி விழுவது வள்ளியூர்க் கடைக்கு. இப்படிப்பட்ட ஓர் ஆர்டரைப் பின்னோக்கிப் பிரித்துப் பார்க்கும்போது, வள்ளியூர் ஆர்டரில் எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காது. வாரம் ஒருமுறை பாக்கி அறிக்கையில் கழித்தல் குறியுள்ள வரிகளை மட்டும் வடிகட்டிப் பார்ப்பதே இதைக் கண்டுபிடிக்கும் நேரான வழி. ஒரு வரி இருந்தாலும் அதற்குப் பின்னால் யாரோ கேட்ட அளவைத் திருத்தியிருக்கிறார்கள், அல்லது கேட்டதற்கு மேல் அனுப்பியிருக்கிறார்கள்.

சரியான பதிவு இப்படி அமைந்தது: கேட்டது 400, அனுப்பியது 240, ரத்தானது 60, பாக்கி 100. ரத்தை டேலியில் Pre-Close என்ற வசதியால் பதியலாம். கேட்ட அளவு தொடப்படாமல் நிற்கும். 75 எம்எம் பைப் 60 என்பது பழைய வரியின் திருத்தமாகப் போகாமல், அன்றைய தேதியோடும் அன்றைய விலையோடும் புது வரியாக ஏறியது. விலையை இப்படிப் பிரிப்பதற்குக் காரணம் உண்டு. ரெசின் விலை ஏறி இறங்குவதற்கேற்ப பைப் கம்பெனிகள் விலைப்பட்டியலை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. ஆர்டர் கொடுத்த நாளின் விலை 90 எம்எம் பாக்கிக்குச் செல்லும் என்று நாங்கள் ஒப்புக்கொண்டிருந்தோம். அன்று கேட்காத 75-க்கு அந்த வாக்கு பொருந்தாது. இரண்டையும் ஒரே வரியில் குழைத்திருந்தால், பில் வரும் நாளில் எந்த விலை என்ற வாக்குவாதம் வந்திருக்கும்.

பைப் மாறினால் அதோடு சேர்ந்து மாறுபவை உண்டு என்பதைக் கடைக்காரர் பெரும்பாலும் சொல்லமாட்டார். நாம்தான் கேட்க வேண்டும். கடைசித் தோட்டத்தில் மெயின் லைன் 75 என்றால், அங்கே 90-க்கு 63 டீ பொருந்தாது. 60 லென்த்துக்கு ஒன்பது டீ என்று கணக்கிட்டு, டீயின் பாக்கி 35-இல் 9-ஐ ரத்து செய்து, 75-க்கு 63 டீ 9 என்று புது வரி போட்டோம். அவரிடம் கேட்டபோது, “நல்லவேளை கேட்டீங்க அண்ணாச்சி, நான் அதை யோசிக்கவே இல்ல” என்றார். ஏன் மாற்றுகிறீர்கள் என்று காலையில் கேட்டிருக்காவிட்டால், இது எந்தத் தோட்டத்துக்கு என்றே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

இந்த 35 டீக்கு நாங்கள் ஏற்கனவே கோயம்புத்தூருக்கு ஆர்டர் கொடுத்திருந்தோம். அவர்கள் பார்சலை அனுப்பிவிட்டிருந்தால், அந்த ஒன்பதும் எங்கள் அலமாரியில் தங்கும். 90-க்கு 63 டீ எப்போதும் விற்கும் சரக்கு என்பதால் அதை ஏற்றுக்கொள்வதில் தயக்கமில்லை. அரிதாக விற்கும் அளவாக இருந்து, அந்தக் கடைக்காகவே வரவழைத்ததாகவும் இருந்தால், ரத்தை ஒப்புக்கொள்ளும் முன் எங்கள் பக்கத்து ஆர்டரை நிறுத்த முடியுமா என்று பார்த்த பிறகே பதில் சொல்வேன். கடைக்காரர் ரத்து கேட்பதும் நாம் ரத்தை ஏற்பதும் வெவ்வேறு. இடையில் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வதில் எவருக்கும் வருத்தம் வராது.

பாக்கிச் சரக்கு எப்போது வரும் என்பதற்குத் தேதியாகப் பதில் சொல்ல வேண்டும். “வந்திரும் அண்ணாச்சி” என்பது பதிலாகாது. கம்பெனி லோடு வரும் நாளோடு இறக்கி எண்ண ஒரு நாளையும் சேர்த்துச் சொல்வது என் வழக்கம். தேதி தள்ளினால், அவர் கேட்கும் முன் நானே போன் செய்துவிடுகிறேன், ஏனென்றால் அந்தத் தேதியை நம்பி அவர் வாய்க்கால் வெட்ட ஆள் சொல்லியிருப்பார். லோடு வந்து இறங்கும்போதே, காத்திருக்கும் ஆர்டர்களுக்கு உரியதைத் தனியே அடுக்கி, கடைப் பெயரை எழுதிய அட்டையைக் கட்டிவிட வேண்டும். மாலைவரை பொதுவில் கிடந்தால் கவுண்டரில் கரைந்துவிடும். யாருக்கு முதலில் என்பதில் ஆர்டர் தேதியைப் பார்க்கிறோம். ஆனால் கொஞ்சம் கொடுத்தால் வேலை முடிந்துவிடும் நிலையில் ஒருவர் இருந்தால், முன்னால் இருப்பவரிடம் கேட்டுவிட்டு அவருக்குக் கொடுப்பதும் உண்டு.

களக்காட்டு ஆர்டரில் இரண்டாவது லோடு போன பின்னரும் ஒரு விஷயம் மிச்சமிருந்தது. ஒரு தோட்டக்காரர் வேலையைத் தள்ளிவைத்துவிட்டதால், முதல் லோடில் போன 63 எம்எம் பைப்பில் 30 லென்த்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி கடைக்காரர் கேட்டார். கூடவே, இறக்கும்போது வாய் விரிசல் கண்ட 4 லென்த்தை மாற்றித்தரவும் கேட்டார். இவை இரண்டும் நம் கிடங்குக்குத் திரும்பி வரும் பைப்தான்; இரண்டுக்கும் வரவுச் சீட்டு ஒன்றுதான். ஆனால் ஆர்டருக்குள் இவை எதிரெதிரான விளைவு உள்ளவை. ஆர்டரோடு இணைத்துத் திரும்பியதைப் பதிந்தால், அனுப்பியது 250 என்பது 216 ஆகும். பாக்கி தானாக 34 என்று மறுபடி திறக்கும். மாற்றித்தர வேண்டிய 4-க்கு அது சரி. வேண்டாம் என்று திரும்பிய 30-க்கு அது தவறு. அப்படியே விட்டால், அடுத்த வாரம் கிடங்கில் இருப்பவர் அறிக்கையைப் பார்த்து, அவர் வேண்டாமென்று அனுப்பிய அதே பைப்பை மறுபடி ஏற்றி அனுப்புவார். எனவே திரும்பிய சீட்டை எழுதும்போதே, மாற்றுக்காகவா, வேண்டாமென்றா என்று ஒரு கட்டத்தில் குறிக்கச் செய்தோம். வேண்டாமென்பதற்கு உடனே ரத்துக் கட்டத்திலும் 30 ஏறும். பாக்கி 4 மட்டும் நிற்கும்.

பில்லைப் பொறுத்தவரை, லாரி என்றைக்கோ போய்ச் சேர்ந்துவிட்டதால் ரத்து என்ற பேச்சுக்கே இடமில்லை. 30 லென்த்துக்கு வரியோடு சேர்த்து கிரெடிட் நோட் போட்டு, அதில் முதல் பில்லின் எண்ணையும் தேதியையும் குறித்தோம். கடைக்காரர் தம் பக்கம் எடுத்திருந்த உள்ளீட்டு வரியை அந்த அளவுக்குக் குறைத்துக்கொண்டார். விலை மட்டும் முதல் பில்லில் இருந்த விலை. இடையில் பட்டியல் மாறியிருந்தாலும் திரும்பும் சரக்குக்கு அன்று வாங்கிய விலைதான். விரிசல் கண்ட 4-க்குக் கிரெடிட் நோட் போடாமல் மாற்றுச் சரக்கைச் சலானில் அனுப்பினோம். பழைய நான்கும் அதே வண்டியில் திரும்பி வந்தன, அவற்றை விற்பனைச் சரக்கோடு சேர்க்காமல் கம்பெனிக்குத் திருப்ப வேண்டிய அடுக்கில் வைத்தோம். அந்தச் சலானில் கையெழுத்தாகி வந்த அன்று 63 எம்எம் வரியின் பாக்கி பூஜ்யமானது; ஆர்டரை மூடினோம்.